90 பேர் என்று எழுதியிருந்தார்கள், பி.எஃப். கணக்கில் 34 பேர்: ஒரு சப்கான்ட்ராக்டர் தகுதி மெமோ எழுதிய அனுபவம்

சப்கான்ட்ராக்டர்களுக்கு வேலை கொடுப்பதற்கு முன்னால் அவர்களுடைய தகுதியை எடைபோட்டு ஒரு மெமோ எழுதுவது எங்கள் அலுவலகத்தில் என் வேலை. முன் அனுபவம், செய்யும் திறன், பாதுகாப்புப் பதிவு, நிதி நிலை என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி, இவர்களிடம் விலை கேட்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். பார்க்கச் சுலபமான வேலை. படிவத்தை அனுப்பினால் அவர்களே நிரப்பித் தந்துவிடுவார்கள், நாம் கூட்டிப் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிக் கூட்டினால் என்ன கிடைக்கும், அதே ஆவணங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன்.

2023-இல் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டடம். நாங்கள் முதன்மை ஒப்பந்ததாரர். அதில் 600 டன் ஸ்ட்ரக்சுரல் ஸ்டீல், பட்டறையில் வெட்டி இணைக்கிற ஃபேப்ரிகேஷனும் சைட்டில் தூக்கி நிறுத்துகிற எரெக்‌ஷனும் சேர்த்து வெளியே கொடுக்க வேண்டும். இரும்பு விலையும் சேர்த்து எங்கள் மதிப்பீடு 7.2 கோடி ரூபாய், அதாவது டன்னுக்கு 1.2 லட்சம். மொத்தக் காலம் 6 மாதம். முதல் மாதம் ஷாப் டிராயிங்குக்கும் இரும்பு வாங்கவும் போய்விடும். மீதி 5 மாதத்தில் 600 டன், மாதம் 120 டன் பட்டறையை விட்டு வெளியே வர வேண்டும். மூன்று பேர் விண்ணப்பித்தார்கள். பெயர் வேண்டாம், ஏ, பி, சி என்றே வைத்துக்கொள்வோம்.

100 மார்க்கை இப்படிப் பிரித்திருந்தோம்: அனுபவம் 25, திறன் 30, பாதுகாப்பு 25, நிதி 20. மொத்தத்தில் 65 வாங்க வேண்டும். அதோடு ஒவ்வொரு தலைப்பிலும் பாதியாவது வாங்கியிருக்க வேண்டும், பாதுகாப்பில் மட்டும் 60 சதவீதம், அதாவது 15. தலைப்புவாரியான இந்தக் கீழ்வரம்பு இல்லாமல் மெமோ எழுதவே கூடாது என்பது என் கருத்து. வரம்பு இல்லையென்றால் நல்ல டர்ன்ஓவர் இருக்கிற நிறுவனம், ஹார்னஸ் இல்லாமல் ஆளை மேலே ஏற்றினாலும் தேறிவிடும். பணத்தில் வாங்கிய மார்க் உயரத்தில் நிற்கிறவனைப் பிடித்துக்கொள்ளாது.

படிவத்தில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு போட்ட முதல் கூட்டலில் ஏ நிறுவனத்துக்கு 87, பி நிறுவனத்துக்கு 63. சி நிறுவனம் செய்ததிலேயே பெரிய வேலை 90 டன்தான் என்பதால் அனுபவத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் புராஜெக்ட் மேனேஜருக்கு ஏ மேல் ஒரு நம்பிக்கை. "அவங்களையே போட்டுடலாமே சார், மார்க்கும் வந்திருக்கு" என்றார். ஒரு வாரம் கொடுங்கள், சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஏ நிறுவனத்தின் படிவத்தில் ஆள்பலம் என்ற இடத்தில் 90 பேர் என்று இருந்தது. வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், ஹெல்பர் எல்லாம் சேர்த்து. பாதுகாப்புப் பகுதியில் மூன்று வருஷமாக விபத்தே இல்லை என்றும், போன வருஷம் உழைத்த மனித மணிநேரம் 2,80,800 என்றும் எழுதியிருந்தார்கள். 90 பேர், நாளுக்கு 10 மணி, மாதம் 26 நாள், 12 மாதம் என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக அந்த எண்ணே வரும். அதாவது யாரும் வருகைப்பதிவைக் கூட்டவில்லை, கால்குலேட்டரில் பெருக்கியிருக்கிறார்கள். உண்மையான மணிநேரக் கணக்கு ஒருநாளும் இப்படி வழவழவென்று வராது. லீவு, மழை, பொங்கல், கரண்ட் கட் எல்லாம் அதில் இருக்கும்.

பி.எஃப். தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு வசதி இருக்கிறது. `Establishment Search` என்ற பக்கத்தில் நிறுவனத்தின் பெயரையோ குறியீட்டு எண்ணையோ கொடுத்தால், `View Payment Details` என்ற இடத்தில் எந்த மாதச் சம்பளத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். சப்கான்ட்ராக்டரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஏ நிறுவனத்துக்குப் பன்னிரண்டு மாதமும் பார்த்தேன், சராசரி 34 பேர்.

இதை வைத்துக்கொண்டு உடனே பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு புதிதாகச் சேருகிறவரைப் பி.எஃப்.பில் சேர்க்காமல் விடச் சட்டத்தில் இடம் இருந்தது. நல்ல வெல்டர் அதைவிட அதிகம் வாங்குவார். ஏ நிறுவன உரிமையாளரும் போனில் அதைத்தான் சொன்னார்: "வெல்டருங்க எல்லாம் சம்பளம் கூட, அதனால பி.எஃப்.ல இல்ல சார்." நியாயமான பதில். அப்படியானால் அவர்களுடைய பெயர் வேறெங்காவது இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்பு அப்போது 21,000 ரூபாய், அதற்குள் வருகிறவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். அதற்கும் மேல் வாங்குகிறவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்க வேண்டும், அதில் எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கும். சம்பளம் வங்கி வழியாகப் போனால் அந்தப் பட்டியலும் இருக்கும். மூன்றையும் கேட்டேன். இ.எஸ்.ஐ.யில் பி.எஃப்.பில் இல்லாத ஒரு பெயரும் இல்லை. இழப்பீட்டு பாலிசி 30 பேருக்கு. வங்கிவழிச் சம்பளம் 41 பேருக்கு.

அப்புறம் நேரில் போனேன். பட்டறைக்குப் போகிறவர்கள் வழக்கமாக மெஷினைத்தான் பார்ப்பார்கள், நான் முதலில் கேட்டில் இருக்கிற வருகை நோட்டைக் கேட்பேன். கோடு போட்ட பெரிய நோட்டு. முதல் இரண்டு பக்கத்தில் 39 பேருக்குப் பெயர், எதிரே கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் பெயர்களே இல்லை. ஒரு மேஸ்திரியின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'பார்ட்டி 22' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு மேஸ்திரி, 'பார்ட்டி 17'. உள்ளே எண்ணிப் பார்த்தால் ஆள் இருக்கிறார்கள், வேலையும் நடக்கிறது. ஆனால் அந்த 22-உம் 17-உம் சேர்ந்த 39 மேஸ்திரி ஆட்களுடைய பெயர் அந்த நிறுவனத்தில் ஒரு தாளிலும் கிடையாது. அவர்களில் ஒருவருக்குக் கை போனால் அது யாருடைய விபத்து? நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் நிச்சயம் ஏறாது.

மூன்று வருஷமாக விபத்தே இல்லை என்பதற்கு இதுதான் பொருள். அந்த மூன்று வருஷமும் அங்கே ஆபத்தான வேலையில் பாதியைச் செய்தவர்கள் கணக்கிலேயே இல்லை.

இந்த இடத்தில்தான் நாலு தலைப்பையும் தனித்தனியாக மதிப்பிடுவதில் இருக்கிற ஓட்டை தெரியும். திறன் பகுதியில் 90 பேர் என்று எண்ணி மார்க் வாங்குகிறார்கள். விபத்து நடந்தால் 34 பேர்தான் எங்கள் ஆள் என்பார்கள். நிதிப் பகுதியில் சட்டப்படி கட்டவேண்டிய தொகை பாக்கி இல்லை என்று ஆடிட்டர் சான்று தருகிறார், அதுவும் அந்த 34 பேருக்கு மட்டும். ஒரே நிறுவனம், மார்க் வாங்க ஒரு ஆள் எண்ணிக்கை, பொறுப்பேற்க இன்னொன்று. அதற்குப் பிறகு எங்கள் மெமோவில் நான் வைத்த விதி இது: ஆள் எண்ணிக்கை ஒன்றுதான், அதை மெமோவின் முதல் பக்கத்தில் ஆதாரத்தோடு எழுதிவிட்டு, எல்லாத் தலைப்பிலும் அதே எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏ நிறுவனத்துக்கு நான் எடுத்துக்கொண்டது 41. பெயரும் சம்பளப் பதிவும் இருப்பது அவ்வளவு பேருக்குத்தான்.

மேஸ்திரி ஆட்களை வைத்து வேலை செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எரெக்‌ஷன் வேலை அப்படித்தான் நடக்கிறது, அந்த மேஸ்திரிகளில் பலர் அருமையான வேலைக்காரர்கள். பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டி, பயிற்சி கொடுத்திருந்தால் அந்த 39 பேரையும் சேர்த்தே எண்ணியிருப்பேன். பதியாத ஆளால் நமக்கு இரண்டு பக்கமும் சிக்கல். சப்கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால் முதன்மை ஒப்பந்ததாரரிடமே இழப்பீடு கேட்கலாம் என்று அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொன்னது. நாம் கொடுத்துவிட்டு சப்கான்ட்ராக்டரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளலாம், வசூலாகிற நிலையில் அவர் இருந்தால். இன்னொன்று, அந்தப் பார்ட்டி எங்கே அதிக அட்வான்ஸ் கிடைக்கிறதோ அங்கே போய்விடும். ஏ நிறுவனம் தந்த வேலைச் சான்று ஒன்றில் கையெழுத்துப் போட்ட பெரியவரை விட்டுவிட்டு, அந்த சைட்டில் நின்ற இன்ஜினியரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் சொன்னது: "வேலை சுத்தம் சார், குறை சொல்ல முடியாது. ஆனா எரெக்‌ஷன் டைம்ல மாசத்துக்கு ஒரு கேங் மாறும். புது கேங்குக்கு மறுபடி மெடிக்கல், இண்டக்‌ஷன், கேட் பாஸ்னு நாலு நாள் போயிடும்." சான்றிதழில் 'திருப்திகரம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது.

பி நிறுவனத்தில் கதை தலைகீழ். படிவத்தில் 65 பேர் என்று எழுதியிருந்தார்கள், பி.எஃப்.பில் சராசரி 62. மனித மணிநேரம் வருகைப்பதிவிலிருந்து மாதவாரியாக, போன வருஷம் ஏறக்குறைய 1,74,000. விபத்து ஒன்று என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த ஒன்றுதான் அவர்களை முதல் கூட்டலில் கவிழ்த்தது.

எங்கள் பழைய படிவத்தில் பாதுகாப்பின் 25 மார்க்கில் 10 மார்க் விபத்து வீதத்துக்கு. வேலைநாள் இழப்பு ஏற்படுத்திய காயங்களின் எண்ணிக்கையை 10 லட்சத்தால் பெருக்கி, உழைத்த மணிநேரத்தால் வகுப்பது, இந்தியத் தரநிலை IS 3786 சொல்கிற முறையேதான். பி-க்கு 1 × 10,00,000 ÷ 1,74,000, வருகிறது 5.7. படிவத்தின்படி 1-க்கு மேல் போனால் பூஜ்யம். ஏ-க்கு விபத்து பூஜ்யம், வீதமும் பூஜ்யம், மார்க் 10-க்கு 10.

பெரிய நிறுவனங்களை எடைபோட இந்த வீதம் உதவும். வருஷத்துக்கு 50 லட்சம் மணிநேரம் உழைக்கிற நிறுவனத்தில் விபத்து ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எண் கொஞ்சம்தான் நகரும், போக்கு தெரியும். 60 பேர் பட்டறையில் அது எதையும் சொல்லாது. ஒரு பேச்சுக்கு, இந்தத் தொழிலில் உண்மையான வீதம் 2 என்று வைத்துக்கொள்வோம். 1,74,000 மணிநேரத்துக்கு எதிர்பார்க்க வேண்டிய விபத்து 0.35. அப்படியானால் பத்து வருஷத்தில் ஏறத்தாழ ஏழு வருஷம் ஒரு விபத்தும் இல்லாமலே போகும், அவர்கள் பாதுகாப்புக்கென்று தனியாக எதுவும் செய்யாவிட்டாலும். ஒரு விபத்து நடந்த வருஷம் வீதம் ஒரேயடியாக 5.7-க்குத் தாவும். இந்தத் தாவலுக்கு மார்க் போடுவது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம். மூன்று வருஷத்தைச் சேர்த்தால் பி-க்கு 5,22,000 மணிநேரத்தில் ஒரு விபத்து, வீதம் 1.9. அதைக்கூட நான் பெரிதாக நம்ப மாட்டேன்.

அதனால் மூன்று வருஷத்தில் 10 லட்சம் மணிநேரத்துக்குக் குறைவாக உழைத்த நிறுவனத்துக்கு அந்த 10 மார்க்கையும் வீதத்துக்குக் கொடுக்காமல், பதிவுக்கும் நடவடிக்கைக்கும் கொடுக்கலாம் என்று எங்கள் பாதுகாப்பு மேலாளரோடு பேசி மாற்றினோம். மூன்று விண்ணப்பத்துக்கும் ஒரே மாதிரி, சரிபார்த்த மார்க் போடுவதற்கு முன்பே, எழுத்தில். பார்ப்பது முக்கியமாக முதலுதவிப் பதிவேடு. கிரைண்டிங்கும் வெல்டிங்கும் நடக்கிற பட்டறையில் கண்ணில் தூசி விழும், கை சுடும், தகடு கீறும், இது நடக்காத மாதம் கிடையாது. ஏ-யின் முதலுதவி நோட்டில் வருஷம் முழுக்க ஒரு வரி இல்லை, நோட்டின் முதுகு மடங்கக்கூட இல்லை. பி-யில் மாதம் மூன்று நாலு பதிவு, பேனா மாறி மாறி, ஒரு இடத்தில் எண்ணெய்க் கறை. 'இடது கண்ணில் தூசி, சொட்டுமருந்து, கண் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்' என்று பெயரோடும் நேரத்தோடும். இப்படிச் சின்னதை எழுதுகிறவர்கள்தான் பெரியதையும் எழுதுவார்கள்.

பி-யின் அந்த ஒரு விபத்து என்னவென்றால், ஆங்கிள் கட்டு ஒன்றைக் கிரேனில் தூக்கும்போது ஒரு ஹெல்பர் கட்டைக் கையால் பிடித்து நேராக்கப் போயிருக்கிறார், ஸ்லிங்குக்கும் ஆங்கிளுக்கும் நடுவே விரல் மாட்டி 19 நாள் வேலைக்கு வரவில்லை. ஒரு பக்க அறிக்கை, போட்டோவோடு இருந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்திருந்தால் நான் மார்க் கொடுத்திருக்க மாட்டேன். அவர்கள் எழுதியிருந்தது, சுமையைத் தள்ளி நின்று இழுத்துத் திருப்புகிற வழிக்கயிறு இல்லாமல் கட்டு தூக்கப்பட்டது, கயிறு ஸ்டோரில் பூட்டி இருந்தது, எடுத்துவர யாரும் போகவில்லை என்று. தீர்வாகக் கிரேன் கொக்கிப் பக்கத்திலேயே கயிறுகளைத் தொங்கவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நான் போன அன்று தூணில் ஆணியடித்து நாலு கயிறு தொங்கியது, அதில் இரண்டு பயன்பாட்டில் அழுக்காகியிருந்தது. புதுசாக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். பாதுகாப்பில் பி-க்கு 11 மார்க் 19 ஆனது, ஏ-க்கு 24 மார்க் 8 ஆனது.

திறன் பக்கம் வருவோம். டெண்டர் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சூத்திரம் உண்டு:

```
A × N × M − B
```

A என்பது கடந்த ஐந்து வருஷத்தில் ஏதாவது ஒரு வருஷம் செய்த அதிகபட்ச வேலையின் மதிப்பு, N இந்த வேலைக்கான காலம் வருஷக் கணக்கில், M ஒரு பெருக்கு எண், நாங்கள் 2 வைக்கிறோம். B அந்தக் காலத்தில் அவர்கள் ஏற்கெனவே முடித்துக்கொடுக்க வேண்டிய கைவேலையின் மதிப்பு. ஏ நிறுவனத்துக்கு டர்ன்ஓவர் 16 கோடி, கையில் 6.2 கோடி வேலை. 16 × 0.5 × 2 − 6.2, வருவது 9.8 கோடி. நமக்கு வேண்டியது 7.2 கோடி, தாராளமாகப் போதும்.

ஆனால் 41 பேரை வைத்துக்கொண்டு 16 கோடிக்கு வேலை செய்தார்களா என்ற கேள்வி உறுத்தியது. ஜி.எஸ்.டி.யின் `GSTR-1` கணக்கில் சரக்குக் குறியீட்டுவாரியாக ஒரு சுருக்கம் வரும், அதை வாங்கிப் பார்த்தேன். ஃபேப்ரிகேட் செய்த ஸ்ட்ரக்சர் 7308 என்ற குறியீட்டில் வரும். வெறும் ஆங்கிள், சேனல், பீம் 7216-இலும் ஹாட் ரோல்டு தகடு 7208-இலும் வரும். ஏ-யின் 16 கோடியில் 9 கோடி இந்தப் பின்னிரண்டு குறியீட்டில் இருந்தது. அதாவது இரும்பை வாங்கி அப்படியே விற்றது. அதுவும் நேர்மையான வியாபாரம்தான், அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அது ஃபேப்ரிகேஷன் திறன் ஆகாது. 9 கோடியைக் கழித்தால் A வெறும் 7 கோடி. 7 × 0.5 × 2 − 6.2, வருவது 80 லட்சம்.

பி-க்கு A 11.4 கோடி, முழுக்க 7308. கைவேலை 6.6 கோடி. மிச்சம் 4.8 கோடி, டன் கணக்கில் 400 டன். ரூபாய்க் கணக்கை மட்டும் நம்பாமல் டன்னிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எடைமேடைச் சீட்டையும் டெலிவரி சலானையும் மாதவாரியாகக் கூட்டினால், அவர்களுடைய சிறந்த மூன்று மாதச் சராசரி 135 டன். கையில் இருக்கிற வேலைக்கு மாதம் 55 டன் போக 80 டன் மிச்சம், 5 மாதத்துக்கு 400 டன். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் மெமோவைத் தைரியமாக எழுதலாம். 600 டன்னுக்குப் பி-க்குத் திறனில் 14 மார்க், கீழ்வரம்பு 15, மொத்தமும் 65-ஐத் தொடாமல் 62-இல் நின்றது. 400 டன்னுக்கு அதே நிறுவனம் 23.

சரி, நிதி. இருப்புநிலைக் குறிப்பும் ஆடிட்டர் சான்றும் வாங்குவதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். சான்றில் இருக்கிற 18 இலக்க UDIN எண்ணை ஆடிட்டர்கள் சங்கத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. வரி கட்டித் தரவேண்டிய `GSTR-3B` கணக்கு எந்தத் தேதியில் தாக்கல் ஆனது என்பதையும் ஜி.எஸ்.டி. தளத்தில் யாரும் பார்க்கலாம். கையில் காசு ஓடாத நிறுவனம் முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். ஏ-க்குப் பன்னிரண்டு மாதத்தில் ஐந்து மாதம் தாமதம், பி-க்கு ஒரே ஒரு மாதம்.

ஆனால் என் அனுபவத்தில் ஃபேப்ரிகேட்டரைக் கவிழ்ப்பது நஷ்டமல்ல, இரும்பு வாங்கக் காசு இல்லாமல் போவதுதான். பி-க்கு அந்தக் கணக்கைப் போட்டோம். மாதம் 80 டன், அன்றைக்கு இரும்பு டன்னுக்கு ஏறக்குறைய 65,000 ரூபாய். இரும்பு பட்டறைக்குள் வந்து பொருளாகி வெளியே போக ஒரு மாதம், பில் போட்டு நாங்கள் பணம் தர 45 நாள். ஆக எப்போதும் இரண்டரை மாத இரும்பு, அதாவது 200 டன், 1.3 கோடி ரூபாய் முடங்கியிருக்கும். பி-யின் வங்கிக் கடன் வரம்பு 1.5 கோடி, அதில் 1.2 கோடி வழக்கமாகவே பயன்பாட்டில். மிச்சம் 30 லட்சம். ஒரு கோடி இடிக்கிறது. இலாபம் வருகிறது, பாக்கி இல்லை, ஆனாலும் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார்கள். அதனால் 20-க்கு 11 மார்க் போட்டு, ஒரு நிபந்தனையும் எழுதினேன்: இரும்பை நாங்களே வாங்கித் தர வேண்டும், 3 சதவீதம் வரை கழிவு ஏற்கப்படும், அதற்கு மேல் அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் இரும்புக் கணக்கு ஒப்பிட வேண்டும். அது இல்லாமல் வேலை தரக் கூடாது என்றே எழுதினேன். இந்தக் கணக்கைப் பார்க்காமல் மார்க் போட்டிருந்தால் நல்ல நிறுவனம் ஒன்றை நாமே கடனில் தள்ளியிருப்போம்.

சரிபார்த்த பிறகு மெமோவில் போன பட்டியல் இது:

| | ஏ (600 டன்) | பி (600 டன்) | பி (400 டன்) |
|---|---|---|---|
| அனுபவம் (25) | 14 | 18 | 18 |
| திறன் (30) | 9 | 14 | 23 |
| பாதுகாப்பு (25) | 8 | 19 | 19 |
| நிதி (20) | 12 | 11 | 11 |
| மொத்தம் | 43 | 62 | 71 |

600 டன்னுக்கு யாரும் தேறவில்லை. என் பரிந்துரை, வேலையை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது. தூண், ராஃப்டர், கிரேன் கர்டர் போன்ற பிரதான உறுப்புகள் 400 டன், பர்லின், பிரேசிங், நடைமேடை, படிக்கட்டு 200 டன். பிரித்தால் அனுபவ வரம்பும் மாறும். மத்திய விஜிலென்ஸ் கமிஷன் 2002-இல் சொன்ன அளவுகோலைத்தான் நாங்களும் பின்பற்றுகிறோம்: கடந்த 7 வருஷத்தில், மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு மூன்று வேலை, அல்லது 50 சதவீத அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒன்று. 7.2 கோடிக்கு 40 சதவீதம் என்றால் 2.88 கோடி, சி அதைத் தொடவே முடியாது. 200 டன் பகுதிக்கு மதிப்பீடு 2.4 கோடி, 40 சதவீதம் 96 லட்சம். 90 டன், 1.08 கோடி ரூபாய் அளவில் சி மூன்று வேலை முடித்திருந்தது, தேறியது.

இதில் ஒரு எச்சரிக்கை. வேண்டியவரை உள்ளே கொண்டுவர வேலையைப் பிரித்தார்கள் என்ற பேச்சு எளிதில் வரும், சில இடங்களில் அது உண்மையும்கூட. அதனால் பிரித்த பிறகு மூன்று பேருக்கும் மறுபடி கடிதம் போட்டு, இரண்டு பகுதிக்கும் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னோம். ஏ-யும் 200 டன்னுக்கு விண்ணப்பித்தார்கள், பாதுகாப்பு வரம்பில் மறுபடி நின்றார்கள். இது எல்லாம் முடியும்வரை யாரிடமும் விலை வாங்கவில்லை. விலை தெரிந்த பிறகு மார்க் போடுகிற கை எவ்வளவு நேர்மையான கையாக இருந்தாலும் கொஞ்சம் சாயும்.

மெமோவை எழுதும் விதம் பற்றி ஒன்று. ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே அதற்கான ஆவணத்தின் இணைப்பு எண்ணைப் போடுவேன். ஆவணம் தரவில்லையென்றால் பூஜ்யம், சராசரி மார்க் கிடையாது. சராசரி போட்டால் மறைக்கிறவனுக்கு லாபம். நேரில் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன். 'பாதுகாப்புக் கலாச்சாரம் போதாது' என்று எழுதினால் யாரும் வாதாடலாம், 'வருகை நோட்டின் மூன்றாம் பக்கத்தில் 39 பேருக்குப் பெயர் இல்லை' என்று எழுதினால் வாதாட இடமில்லை. புராஜெக்ட் மேனேஜரிடம் அந்தப் பக்கத்தின் போட்டோவைக் காட்டியதும் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

ஏ நிறுவனத்துக்கு 'தகுதி பெறவில்லை' என்று ஒற்றை வரி அனுப்பாமல், எந்தத் தலைப்பில் எதனால் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். உரிமையாளருக்குக் கோபம்தான். "எல்லாரும் இப்படித்தான சார் பண்றாங்க, எங்களை மட்டும் ஏன்" என்றார். அவர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. பெரிய நிறுவனங்கள் பல வருஷமாக விலையை மட்டும் பார்த்து வேலை கொடுத்ததால்தான் பதிவில்லாத ஆட்களை வைப்பது லாபம் என்று ஆனது. அந்த 39 பேரையும் பதிவேட்டில் ஏற்றி, ஆறு மாதச் செலானோடு வந்தால் மறுபடி மதிப்பிடுகிறோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தோம்.

தகுதி பெற்றவர்களுக்கு மெமோ 12 மாதம்தான் செல்லும். அதற்குள்ளேயே உயிரிழப்போ பெரிய விபத்தோ நடந்தால், தொடர்ந்து இரண்டு மாதம் பி.எஃப். கட்டாவிட்டால், கைவேலை மெமோவில் சொன்ன அளவைவிட 25 சதவீதம் கூடினால், மறுமதிப்பீடு. மாதாமாதம் அதுவரை செய்த வேலைக்குப் போடுகிற ஆர்.ஏ. பில்லோடு அந்த சைட்டுக்கான பி.எஃப். பட்டியலையும் கேட் பாஸ் பட்டியலையும் இணைக்க வேண்டும், இரண்டிலும் பெயர்கள் ஒத்துப்போக வேண்டும். பி நிறுவனத்தின் இரண்டாவது பில்லில் கேட் பாஸ் வாங்கிய ரிக்கர்களில் 6 பேருடைய பெயர் பி.எஃப். பட்டியலில் இல்லை. எரெக்‌ஷனுக்கென்று புதிதாக எடுத்த ஆட்கள். பில்லில் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவைத்தோம். பத்து நாளில் 6 பேருக்கும் கணக்கு எண் வாங்கி, பாக்கி மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிய செலானைக் கொண்டுவந்தார்கள், நிறுத்திய தொகையை அன்றே விடுவித்தோம்.